அவங்க சம்பாதிச்ச பணம் யாருக்குப் போச்சு?

ஒரு கேஸ் சொல்றேன். 1955-ல கல்யாணமான ஒரு பெண்ணோட கணவர் மூணே மாசத்துல பாம்பு கடிச்சு இறந்துட்டார். மாமியார் வீட்ல துரத்திட்டாங்க. பெத்தவங்கதான் படிக்க வச்சாங்க, அவங்களும் வேலைக்குப் போய் சம்பாதிச்சாங்க. 1996-ல குழந்தை இல்லாம, உயிலும் எழுதாம இறந்துட்டாங்க. பேங்க் பணம், பி.எஃப். எல்லாம் கணவரோட சகோதரி மகன்களுக்குத்தான்னு 2009-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

காரணம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட பிரிவு 15. முதல்ல பிள்ளைகளும் கணவரும் வருவாங்க. அவங்க இல்லைன்னா கணவரோட வாரிசுகள். அதுக்கப்புறம்தான் அம்மா, அப்பா! பெத்தவங்ககிட்டேர்ந்து வாரிசா வந்த சொத்துன்னா, பிள்ளைகள் இல்லாதப்போ அப்பாவோட வாரிசுகளுக்குத் திரும்பிடும். சொந்தச் சம்பளத்துக்கு அந்த விதிவிலக்கு கிடையாது, எனக்கு இது சுத்தமா புரியல.

இதை மாத்த ஒரு உயில் போதும். வெள்ளைப் பேப்பர்ல எழுதி, ரெண்டு சாட்சிகள் முன்னாடி கையெழுத்துப் போட்டு, அவங்களும் போடணும். பதிவு செய்றது கட்டாயமில்லை.