காது கேட்கும் கருவி போட்டவங்க, போனை ஏன் வாய்க்கு நேராகப் பிடிக்கிறாங்க?

தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் இந்தக் காட்சியைக் கவனிக்கலாம். காதில் கருவி போட்டவர் போன் பேசுகிறார். போன் காதில் இல்லை. வாய்க்கு நேராக, தட்டு மாதிரி பிடித்திருக்கிறார். எதிரில் பேசுபவர் குரல் நேராக அவர் கருவிக்குள் வந்துகொண்டிருக்கிறது. அப்புறம் போனை ஏன் விட முடியவில்லை?

காரணம், ஒலி போவது ஒரு பக்கம் மட்டும்தான்.

காது கேட்கும் கருவியின் பேட்டரி மிகச் சின்னது. சாதாரண ஹெட்செட்டில் இருக்கும் ப்ளூடூத்தை அப்படியே அதில் வைத்தால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும். (ஃபோனாக் போன்ற சில நிறுவனங்கள் அந்த வழியிலும் கருவி செய்திருக்கின்றன.) அதனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத்தைப் பிடித்து, ஆளாளுக்கு ஒரு வழி போட்டார்கள். 2013-ல் ஆப்பிள் ஐபோனுக்கென்று ஒன்று கொண்டுவந்தது. 2018-ல் கூகுள், ஜிஎன் ஹியரிங் நிறுவனத்தோடு சேர்ந்து ஆண்ட்ராய்டுக்கு 'ஆஷா' என்ற வழியை அறிவித்தது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து அது போன்களில் வர ஆரம்பித்தது.

ஆஷாவில் போன் ஒவ்வொரு காதுக்கும் நொடிக்கு 64,000 பிட் தரவை அனுப்பும். ஆனால் காதிலிருந்து போனுக்கு ஒலி திரும்பி வர வழியே கிடையாது. எனவே நீங்கள் பேசுவதைப் பிடிப்பது போனின் மைக். போன் சட்டைப் பையில் இருந்தால், பல்லாவரம் தாண்டும்போது எதிரில் இருப்பவருக்கு ரயில் சத்தம்தான் நல்லா கேட்கும். ஐபோன் 11-லும் அதற்குப் பிறகு வந்த மாடல்களிலும், பொருத்தமான கருவி இருந்தால், கருவியின் மைக்கையே பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் ஆஷா மட்டும் இருந்தால் அதற்கு வழியில்லை.

இங்கேதான் புதிய 'எல்இ ஆடியோ' வருகிறது. இதற்கான பேச்சு 2014-லேயே தொடங்கியது: ஐரோப்பிய காது கேட்கும் கருவித் தயாரிப்பாளர்கள் சங்கமும் ப்ளூடூத் அமைப்பும் கைகோத்தன. விதிமுறைகள் 2022 ஜூலையில் முழுமையடைந்தன. இது எந்த ஒரு போன் நிறுவனத்தின் சொந்த வழியும் அல்ல.

இதில் ஒலி இரண்டு பக்கமும் போகும். காதில் இருக்கும் மைக்கே உங்கள் குரலைப் பிடித்து போனுக்கு அனுப்பலாம். போன் பையிலேயே கிடக்கட்டும். எல்சி3 என்ற புதிய ஒலிச் சுருக்க முறை, ஆஷாவில் 64,000 பிட் எடுத்த அதே அளவு ஒலிக்கு 32,000 பிட்டில் வேலையை முடிக்கிறது. ரேடியோ பாதி நேரம் ஓடினால் போதும் என்பதால் பேட்டரிக்கு லாபம். தவிர, இரண்டு காதுகளுக்கும் 'இந்த நொடியில் ஒலிக்கணும்' என்று போன் ஒரே நேரத்தைக் குறித்துக் கொடுக்கும். அதனால் இடதும் வலதும் முன்பின் ஆகாது.

ஆனால் கடைக்காரர் 'புது ப்ளூடூத்' என்று சொன்னதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். கருவி, போன் இரண்டிலும் எல்இ ஆடியோ இருந்தால்தான் பலன். போன் பழசு என்றால், புது கருவியும் பழைய வழியில்தான் பேசும். ஆண்ட்ராய்டில் கருவியின் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து `LE Audio` என்ற சுவிட்ச் இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கருவிக்கு அப்டேட் போட்ட பிறகும் அது வரவில்லை என்றால், இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பார்க்கலாம்.

இன்னும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்காவது போன் செய்யுங்கள். போனை ஹாலில் மேஜை மீது வைத்துவிட்டு சமையலறைப் பக்கம் நாலைந்து அடி தள்ளிப் போய் சாதாரணமாகப் பேசுங்கள். உங்கள் குரல் அவருக்கு தூரத்தில் இருந்து வருவது போலக் கேட்டால், போன் மைக்தான் வேலை செய்கிறது.

எல்இ ஆடியோவில் 'ஆராகாஸ்ட்' என்ற இன்னொரு வசதியும் உண்டு. ஒரு இடத்தில் இருந்து ஒலிபரப்பினால், அருகில் இருக்கும் எத்தனை கருவிகளிலும் கேட்கலாம். தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயில் அறிவிப்பு எதிரொலித்துக் குழம்பாமல் நேராகக் காதுக்கு வர இதுதான் வழி. ஆனால் அதற்கு நிலையத்தில் ஒலிபரப்புக் கருவி பொருத்த வேண்டும்; 'ஆராகாஸ்ட் ரெடி' என்று பெட்டியில் எழுதியிருப்பதால் மட்டும் எதுவும் கேட்காது. வாங்கும்போது, அது இப்போதே வேலை செய்யுமா, அல்லது இனி வரப்போகும் அப்டேட்டுக்குக் காத்திருக்கணுமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.