டெமோ முதலில், விலை கடைசியில்: ஒரு சாப்ட்வேர் அறிமுக விழாவைத் திட்டமிடுவது எப்படி?

புதிய சாப்ட்வேர் ஒன்றை மேடையில் அறிமுகப்படுத்தும் போது, எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் சொல்வது என்ற கேள்வி எழும். இதற்காகத் தயாரிக்கப்படும் நிமிட வாரியான பட்டியலை ரன் ஆஃப் ஷோ என்பார்கள்.

இதற்குச் சிறந்த உதாரணம், 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்திய நிகழ்ச்சி. அப்போது அந்த போன் முழுமை அடையவில்லை, அடிக்கடி முடங்கியது. மெயில் அனுப்பிவிட்டுப் பின் இணையத்தில் உலவினால் ஒழுங்காக இயங்கியது. வரிசையை மாற்றினால் நின்றுவிடக் கூடும். எனவே பொறியாளர்கள் சிக்கல் தராத ஒரு வரிசையைக் கண்டுபிடித்து, அதற்குத் 'தங்கப் பாதை' எனப் பெயரிட்டனர். மெமரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ள மேடையிலேயே வேறு போன்களும் வைக்கப்பட்டிருந்தன. போன் விற்பனைக்கு வந்தது ஜூன் 29 அன்றுதான்.

நம் சிறிய விழாவிற்கும் இதுவே வழி. கடைகளுக்கான பில்லிங் சாப்ட்வேர் ஒன்றை மாலை 6 மணிக்கு அறிமுகப்படுத்துவதாக வைத்துக் கொள்வோம். 6.00 முதல் 6.08 வரை பேச்சு. இதில் கடைக்காரரின் பிரச்னையை மட்டும் சொல்லுங்கள். 6.08 முதல் 6.20 வரை டெமோ: பொருளைச் சேர்த்தல், பில் போடுதல், அன்றைய விற்பனை அறிக்கை. இந்த மூன்றையும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, இதே வரிசையில் பலமுறை ஓட்டிப் பாருங்கள். 6.20க்கு விலையும் விற்பனைத் தேதியும். விலையை முன்பே சொன்னால், அரங்கில் உள்ளோர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவர். டெமோவைக் கவனிக்க மாட்டார்கள்.

டெமோ நீண்டுவிட்டால் எதை விடுவது என்பதையும் பட்டியலிலேயே குறித்திடுங்கள். நான் அறிக்கைப் பகுதிக்கு எதிரே 'விடலாம்' என எழுதி வைப்பேன். திரை 30 விநாடி அசையாவிட்டால், முன்பே பதிவு செய்த வீடியோவிற்கு மாற வேண்டும். அந்த முடிவை எடுப்பவர், பேசுபவராக இருக்கக் கூடாது. பின்னால் அமர்ந்திருக்கும் ஒருவராக இருக்க வேண்டும்.

அரங்கின் வைஃபையை நம்பாதீர்கள். 2010 ஜூனில் ஐபோன் 4 அறிமுகத்தின் போது அரங்கில் இருந்தோரின் வைஃபை கருவிகளால் நெரிசல் ஏற்பட்டு டெமோ தடைப்பட்டது. அவற்றை அணைக்கும்படி ஜாப்ஸ் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. டெமோ கம்ப்யூட்டருக்குத் தனிக் கேபிள் இணைப்பு கொடுங்கள்.

இறுதியாக, இணைய தளத்தில் விலை தெரிய வேண்டிய நேரத்தை 6.20 எனக் கடிகாரத்தில் செட் செய்திட வேண்டாம். நிகழ்ச்சி ஐந்து நிமிடம் தாமதமானால், பேசுபவர் சொல்வதற்கு முன்பே அரங்கில் உள்ளோர் தங்கள் போனில் விலையைப் பார்த்துவிடுவர். பேசுபவர் விலையைச் சொல்லி முடிக்கும் சொல்லையே அடையாளமாக வைத்து, ஒருவர் கையால் வெளியிடட்டும்.