ரியாலும் ரூபாவும்: அக்கரையிலிருந்து மீண்டவரின் உத்தியோகக் கணக்கு

வளைகுடா நாடுகளிற் பல்லாண்டு உழைத்து, ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்து வருபவர்கள் நம் குடும்பங்களில் இன்று பலர். வந்த முதல் மாதம் உறவினரைக் காண்பதிலும் கோயில், குளம் என்று சுற்றுவதிலும் கழிந்துவிடுகிறது. இரண்டாம் மாதத்தில் விண்ணப்பங்கள் புறப்படுகின்றன. மூன்றாம் மாதத்தில், “ஒன்பது வருஷ அனுபவத்துக்கு இங்கே மதிப்பே இல்லை” என்ற குரல் கேட்கத் தொடங்குகிறது. மதிப்பு இருக்கிறது. அதனை இங்குள்ளார் விளங்கும் வகையில் எடுத்துரைப்பதிலும், ரியாலில் வாங்கிய சம்பளத்தை ரூபாவிற் சரியாக எடைபோடுவதிலுமே சிக்கல் ஏற்படுகிறது என்பது நாம் கண்டது.

மட்டக்களப்பைச் சேர்ந்த மின்வேலையாளர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். சவூதி அரேபியாவில் ஒரு வைத்தியசாலையில் ஒன்பது ஆண்டு பணி புரிந்தவர். அவருடைய சேவைச் சான்றிதழிலோ “மின்வேலையாளர்” என்ற ஒரு சொல்லும் இரண்டு திகதிகளுமே உள்ளன. போதாக்குறைக்கு, சான்றிதழை வழங்கியது வைத்தியசாலையன்று. ஆட்களை அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனம். திகதியும் ஹிஜ்ரி ஆண்டில் 1437 என்று இருக்கிறது. இங்குள்ள முகாமையாளர் இதனைப் பார்த்து யாது விளங்கிக்கொள்வார்? ஆகவே, விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே மூன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும்: வேலைக்கு அமர்த்திய நிறுவனம் இன்னது, வேலை செய்த இடம் இன்னது, ஆங்கிலத் திகதி இன்னது. ஹிஜ்ரி 1437 என்பது 2015 ஒக்டோபரில் தொடங்கிய ஆண்டு.

அடுத்து, “ஒன்பது வருட அனுபவம்” என்ற தொடரை நாம் அத்துணை விரும்புவதில்லை. வேலை தருபவரின் மனத்தில் எழும் ஐயம், ஒரு வருட வேலையையே இவர் ஒன்பது முறை செய்தாரா என்பதுதான். அந்த ஐயத்தைத் தீர்ப்பவை விபரங்களே. “ஆயிரம் கிலோவோல்ட் அம்பியர் மின்மாற்றிகள் இரண்டும் மின்பிறப்பாக்கிகள் இரண்டும் எம் பொறுப்பில் இருந்தன; மின்சாரம் தடைப்பட்டதும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மாற்றுமின் வருகிறதா என்று வாரந்தோறும் சோதித்தோம்; கடைசி நான்கு ஆண்டில் ஆறு பேரை மேற்பார்வை செய்தேன்” என்று எழுதினால், வாசிப்பவர் தம்முடைய ஹோட்டலையோ ஆடைத் தொழிற்சாலையையோ மனக்கண்முன் வைத்து இவரை அதற்குட் பொருத்திப் பார்ப்பார்.

நேர்முகப் பரீட்சையில் வரக்கூடிய ஒரு கேள்வியையும் இங்கே சொல்லிவைப்போம். சவூதியில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. அங்கே சுழன்ற நீர்ப்பம்பி ஒன்றை இங்கே பூட்டினால் என்ன நேரும்? நான்கு முனை மோட்டாரின் காந்தப்புலம் அங்கே நிமிடத்துக்கு 1800 முறை சுழலும். இங்கே 1500 முறைதான். வேகம் ஆறிலொரு பங்கு குறைய, நீரும் குறையும். இதனை எடுத்துச் சொல்பவர், தாம் இரு நாட்டின் வேறுபாட்டையும் சிந்தித்திருப்பதை ஒரு வார்த்தையிற் காட்டிவிடுகிறார். “எல்லாம் ஒன்றுதான் ஐயா” என்பவர் வாய்ப்பை இழக்கிறார்.

கையிலே தொழில் இருந்தும் காகிதம் இல்லாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வழங்கப்படும் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழை, வகுப்பிற் சென்று படியாமலே, முன்னர் கற்றதை மதிப்பிடச் செய்து பெறலாம். மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்டவேண்டும். சேவைச் சான்றிதழ், வேலைத்தளப் படங்கள் முதலியன சாட்சியாக உதவும். அதனாற்றான் அங்கிருந்து புறப்படுமுன்பே இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறோம். சேவைச் சான்றிதழைக் கட்டணமின்றித் தருவது சவூதித் தொழிற் சட்டப்படி முதலாளியின் கடமை. விமானம் ஏறிய பின் கடிதம் எழுதிக் கேட்பது வீண் அலைச்சல்.

இனிச் சம்பளம். வீட்டிலே மனத்தாங்கல் மிகுவதும் இங்கேதான்.

நமது மின்வேலையாளர் அங்கே மாதம் 3,000 ரியால் பெற்றார். ரியால் ஒன்று 80 ரூபா என்று கொண்டால் 2,40,000 ரூபா. இங்கே ஒரு ஹோட்டல் 1,10,000 ரூபா தர முன்வருகிறது. பாதிக்கும் குறைவென்று அவர் முகம் சுளிக்கிறார், மனைவியின் அண்ணனோ, “இதுக்கா வந்தனீர்?” என்று கேட்டும் விடுகிறார்.

அந்த 3,000 ரியாலைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 2,000, உணவுப்படி 350, எஞ்சிய 650 ரியாலும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இருபத்தாறு நாள் மேலதிகமாக உழைத்ததற்குரிய கூலி. எட்டு மணி நேர வேலைக்குத் தரும் சம்பளத்தோடு பத்து மணி நேரக் கூலியை ஒப்பிடுதல் முறையன்று. இன்னும், தமது உணவுக்கும் தொலைபேசிக்கும் 600 ரியால் அங்கேயே செலவாயிற்று. இவ்விரண்டையும் கழித்தால் நிற்பது 1,750 ரியால், அதாவது 1,40,000 ரூபா.

இங்கே 1,10,000 ரூபா முழுவதும் சேமலாப நிதிக்கு உரிய சம்பளமாயின், முதலாளி மேலும் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கும், மூன்று வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் செலுத்தவேண்டும். அது 16,500 ரூபா. கூட்டினால் 1,26,500. இடைவெளி இன்னும் இருக்கிறது. இங்கே அவர் தம் உணவுக்கும் பஸ்ஸுக்கும் செலவழிக்கவும் வேண்டும். ஆனால் முதலில் அஞ்சிய பள்ளம் இதுவன்று.

ரியாலின் விலையையும் உழைப்பின் விலையாக எண்ணிவிடலாகாது. அது டொலருக்கு 3.75 என்று நெடுங்காலமாகக் கட்டப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 54 ரூபாவாக இருந்த ரியால், எமது ரூபா வீழ்ந்தபோது அதே ஆண்டு மே மாதத்தில் 95 ரூபாவையும் தாண்டியது. அவர் ஒரு திருகாணியைக் கூட மேலதிகமாக முடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த தொகை மட்டும் பெருகிற்று. உள்ளூர்ச் சம்பளங்கள் அவ்வாறு ஏறவில்லை.

ஆதலால், எவ்வளவு கேட்பதென்பதை வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குவதே தக்கது. பிள்ளைகளின் படிப்பு, கடன் தவணை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து 92,000 ரூபா வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஊழியரின் பங்காக எட்டு வீதம் சேமலாப நிதிக்குப் போவதால், 1,00,000 ரூபாச் சம்பளத்திலேதான் 92,000 கைக்கு வரும். அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று முதல்நாள் இரவே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். “அங்கே எவ்வளவு எடுத்தீர்?” என்று கேட்கப்பட்டால் மறைக்கத் தேவையில்லை; “அடிப்படை 2,000 ரியால். இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது 1,25,000 ரூபா” என்று அடுத்த மூச்சிலேயே சொல்லலாம். 1,10,000இல் முடிந்தாலும் நட்டமில்லை.

கையொப்பமிடுமுன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்க. 1,10,000 என்று வாயாற் சொல்லிவிட்டு, நியமனக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 50,000, ஊக்கப்படி 60,000 என்று எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அடிப்படைக்கு மட்டுமே சேமலாப நிதி கணக்கிடப்படுமாயின், முதலாளியின் பன்னிரண்டு வீதம் 13,200இலிருந்து 6,000 ரூபாவாகிவிடும். மேலதிக நேரக் கூலியும், ஐந்து ஆண்டு கழிந்தபின் விலகும்போது கிடைக்கக்கூடிய பணிக்கொடையும் அவ்வாறே சுருங்கும். அடிப்படையை 80,000 ஆக்கித் தரும்படி கேட்பது மொத்தத் தொகையில் ஐயாயிரம் கூட்டிக் கேட்பதைவிட எளிதாய் நிறைவேறுவதுண்டு. மாதச் சம்பளம் மாறாதிருப்பதால் முகாமையாளரும் மேலிடத்துக்கு அதிகம் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.