சிறு கடைக்கு மாதச் செலவுக் கணக்கு: வகை பிரித்து, வரைபடத்துடன் அமைப்பது எப்படி?

புதுடெல்லி: மாதம் முழுவதும் கல்லாவில் பணம் புரண்டும், மாத இறுதியில் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்பது சிறு கடை உரிமையாளர்கள் பலரின் குறை. விற்பனை குறைந்ததா, செலவு கூடியதா, அல்லது வீட்டுக்கு எடுத்த பணம் அதிகமா என்பதைச் செலவுகளை வகை பிரித்து எழுதாமல் கண்டறிய இயலாது. இதற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸ் விரிதாள் போதுமானது. ஒருமுறை கணினியில் அமைத்துவிட்டால், பின்னர் அன்றாடப் பதிவுகளைக் கைபேசியிலேயே செய்துகொள்ளலாம்.

எது செலவு, எது செலவு அல்ல?

விரிதாளைத் திறப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இது. கடையிலிருந்து வெளியேறும் பணம் அனைத்தும் செலவு அல்ல. வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகியவை அந்த மாதத்தோடு முடிந்துபோகும் நடைமுறைச் செலவுகள். சரக்குக் கொள்முதல் அப்படிப்பட்டதல்ல. அந்தப் பணம் அலமாரியில் பொருளாக இருக்கிறது, விற்கும்போது திரும்பி வருகிறது. வங்கிக் கடன் தவணையில் வட்டி மட்டுமே செலவு, அசல் என்பது வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது. புதிய குளிர்பதனப் பெட்டியும் கடைக்குக் கொடுத்த முன்பணமும் உடைமையாகவே நிற்கின்றன. வீட்டுச் செலவுக்காகக் கல்லாவிலிருந்து எடுப்பது உரிமையாளரின் எடுப்பு. இவை அனைத்தையும் எழுதத்தான் வேண்டும், ஆனால் தனி வரிசைகளில்.

வகைகள் குறைவாக இருப்பதே நல்லது. இருபது வகை வைத்தால் ஒவ்வொரு பதிவின்போதும் தயக்கம் ஏற்பட்டு, இறுதியில் எல்லாம் 'இதர' என்பதில் போய்ச் சேரும். ஒரு மளிகைக் கடைக்கு எட்டு நடைமுறைச் செலவு வகைகள் போதும்: வாடகை, சம்பளம், மின்சாரம், வண்டி-கூலி, பைகள்-பொட்டலம், பராமரிப்பு, வட்டி-வங்கி-கைபேசி, இதர. இவற்றின் கீழே செலவு அல்லாத நான்கு: சரக்குக் கொள்முதல், வீட்டு எடுப்பு, கடன் அசல், கருவி-முன்பணம்.

இரண்டு தாள்கள்

புதிய விரிதாளைத் திறந்தவுடன், ஓர் எண்ணைக்கூடப் பதிவதற்கு முன்பாக, File > Settings > Locale என்ற இடத்தில் India என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதைப் பின்னர் காண்போம்.

முதல் தாளுக்கு Data என்று பெயரிடுங்கள். அதன் முதல் வரிசையில் A முதல் E வரை தேதி, வகை, தொகை, செலுத்திய முறை, குறிப்பு ஆகிய ஐந்து தலைப்புகள். ஒவ்வொரு செலவும் ஒரு வரிசை. செலுத்திய முறையில் ரொக்கம், யுபிஐ, வங்கி என்று குறித்துவந்தால், இரவில் கல்லாவை எண்ணும்போது ரொக்கச் செலவை மட்டும் பிரித்துச் சரிபார்க்க முடியும்.

இரண்டாவது தாளுக்கு Summary என்று பெயரிடுங்கள். அதில் A2 முதல் A9 வரை எட்டுச் செலவு வகைகளையும், A10 முதல் A13 வரை செலவு அல்லாத நான்கையும் எழுத வேண்டும். B1 கட்டத்தில் நிதியாண்டின் முதல் நாளான 01/04/2026 என்று பதிந்து, C1 கட்டத்தில் கீழ்க்காணும் சூத்திரத்தை இட்டு M1 வரை இழுத்தால் 12 மாதங்களும் வந்துவிடும்.

```
=EDATE(B1,1)
```

மே மாதத்துக்குப் பதிலாக 46143 போன்ற எண் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. விரிதாள் தேதிகளை உள்ளுக்குள் எண்ணாகவே வைத்திருக்கிறது. Format > Number > Date என்று தேர்ந்தெடுத்தால் தேதியாக மாறிவிடும்.

இனி Data தாளின் B2 முதல் கீழுள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, Data > Data validation வழியாக Dropdown (from a range) என்பதை அமைத்து, Summary தாளின் A2 முதல் A13 வரையிலான பகுதியைச் சுட்ட வேண்டும். தவறான உள்ளீட்டை ஏற்காதிருக்க Reject the input என்பதையும் குறிக்க வேண்டும். இனி வகையைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு நாள் 'மின்சாரம்' என்றும் மறுநாள் 'கரண்ட் பில்' என்றும் எழுதினால் விரிதாளுக்கு அவை இரு வேறு வகைகள். அந்தக் குழப்பத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். தேதிக்கான A நிரலுக்கும் இதே இடத்தில் Is valid date என்ற விதியைச் சேர்க்கலாம்.

கூட்டும் சூத்திரம்

Summary தாளின் B2 கட்டத்தில் இதை இட வேண்டும்:

```
=SUMIFS(Data!$C:$C,Data!$B:$B,$A2,Data!$A:$A,">="&B$1,Data!$A:$A,"<"&EDATE(B$1,1))
```

வகை A2-இல் உள்ளதாகவும், தேதி அம்மாதத்தின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதத்தின் முதல் நாளுக்கு முன்பு வரையிலும் இருக்கும் தொகைகளை மட்டும் கூட்டு என்பதே இதன் பொருள். $ குறியீடுகளை விட்டுவிடக் கூடாது. சூத்திரத்தை இழுக்கும்போது எது நகர வேண்டும், எது நகரக் கூடாது என்பதை அவையே தீர்மானிக்கின்றன. இதை B13 வரை கீழேயும், M வரை வலப்புறமும் இழுத்துவிடலாம். 14-ஆவது வரிசையில் `=SUM(B2:B9)` என்று இட்டால் நடைமுறைச் செலவின் மொத்தமும், 15-ஆவது வரிசையில் `=SUM(B10:B13)` என்று இட்டால் செலவு அல்லாத வெளியேற்றமும் கிடைக்கும்.

ஒரு மாதக் கணக்கு சொல்வது என்ன?

எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.3 லட்சம் விற்பனையாகும் மளிகைக் கடை ஒன்றைக் கொள்வோம். ஏப்ரல் மாதத்தில் வாடகை ரூ.9,000, சம்பளம் ரூ.12,000, மின்சாரம் ரூ.4,200, வண்டி-கூலி ரூ.3,600, பைகள் ரூ.1,900, பராமரிப்பு ரூ.500, வட்டி-வங்கி-கைபேசி ரூ.1,800, இதர ரூ.1,000. நடைமுறைச் செலவு மொத்தம் ரூ.34,000. இது தவிர சரக்குக்கு ரூ.2,60,000, வீட்டுக்கு ரூ.18,000, கடன் அசலுக்கு ரூ.6,000 வெளியேறியுள்ளது.

வெளியேறிய மொத்தத் தொகை ரூ.3,18,000. விற்பனையை விட ரூ.18,000 அதிகம். வகை பிரிக்காத நோட்டுப் புத்தகத்தில் இது வெறும் நட்டமாகத் தெரியும், உரிமையாளரும் பெரும்பாலும் வேலையாளின் சம்பளத்தையோ வாடகையையோதான் குறை சொல்வார்.

பிரித்துப் பார்த்தால் கதை வேறு. ரூ.100 விற்பனையில் சராசரியாக ரூ.13 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், ரூ.3 லட்சத்துக்கு மொத்த ஆதாயம் ரூ.39,000. அதிலிருந்து ரூ.34,000 செலவு போக, கடை உண்மையில் ரூ.5,000 ஈட்டியிருக்கிறது. ஆனால் அதே மாதத்தில் வீட்டு எடுப்பும் கடன் அசலும் சேர்ந்து ரூ.24,000 எடுக்கப்பட்டுள்ளது. ஈட்டியதற்கும் எடுத்ததற்கும் இடையே ரூ.19,000 இடைவெளி. அதில் ரூ.18,000 ரொக்க இருப்பிலிருந்தும், ரூ.1,000 அலமாரிச் சரக்கு குறைந்ததிலிருந்தும் ஈடுகட்டப்பட்டிருக்கிறது. சில மாதங்கள் இப்படியே சென்றால், கொள்முதலுக்கே கடன் வாங்கும் நிலை வரும். பைகளின் செலவில் சில நூறு ரூபாய் குறைத்து இதைச் சரிசெய்துவிட முடியாது. விற்பனை உயர வேண்டும், அல்லது எடுப்பு குறைய வேண்டும்.

இந்தக் கணக்கின் எல்லையையும் குறிப்பிட வேண்டும். செலவுத்தாள் இலாபத்தைத் தானாகச் சொல்லாது. அந்த 13 சதவீதம் கடைக்குக் கடை, பொருளுக்குப் பொருள் மாறும். அரிசிக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே ஆதாயம் கிடைப்பதில்லை என்பது வணிகர்கள் அறிந்ததே. ஆண்டுக்கு ஓரிரு முறையாவது இருப்புச் சரக்கை எண்ணி மதிப்பிட்டால்தான் அந்தச் சதவீதம் உறுதிப்படும்.

வரைபடம்

A1 முதல் M9 வரை தேர்ந்தெடுத்து Insert > Chart சென்று, Stacked column chart என்ற வகையைத் தேர்வு செய்யலாம். கீழ் அச்சில் மாதங்களுக்குப் பதிலாக வகைகள் வந்துவிட்டால் Switch rows/columns என்பதைக் குறிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தூண், அதற்குள் வகைக்கு ஒரு நிறம். வட்ட வரைபடம் பார்வைக்கு அழகாக இருந்தாலும் ஒரே மாதத்தின் பங்கீட்டை மட்டுமே காட்டும். ஒரு செலவு படிப்படியாக ஏறுவது அதில் தெரியாது.

10 முதல் 13 வரையிலான வரிசைகளை வரைபடத்தில் சேர்க்கக் கூடாது. ரூ.2,60,000 கொள்முதலுக்கு அருகில் ரூ.4,200 மின்கட்டணம் மெல்லிய கோடாகிவிடும். மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் இடங்களில் தூண்கள் ஏறி இறங்கித்தான் தோன்றும். அங்கே ஏப்ரலை மே மாதத்தோடு ஒப்பிடாமல் ஜூனோடு ஒப்பிட வேண்டும்.

தவறு நேர்ந்தால் அறிவது எப்படி?

முன்பு சொன்ன Locale அமெரிக்க முறையில் இருந்தால், 05/04/2026 என்பது மே 4 ஆகப் பதிவாகும். 13/04/2026 என்பதோ தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். அதாவது ஏப்ரலின் முதல் 12 நாள் செலவுகள் வெவ்வேறு மாதங்களுக்குச் சிதறிப்போகும், எஞ்சியவை எந்த மாதத்திலும் சேராது. கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்கும் தேதியும், இன்னும் வராத மாதத்தில் தோன்றும் செலவும் இதற்கான அடையாளங்கள். பின்னர் Locale-ஐ மாற்றினாலும் ஏற்கெனவே பதிந்தவை திருந்தாது, மீண்டும் பதிய வேண்டியிருக்கும்.

மற்றொன்று, நம்மிடம் ஊறிப்போன 500/- என்று எழுதும் பழக்கம். விரிதாள் அதை எண்ணாகக் கருதாமல் கூட்டலில் விட்டுவிடும். இரு தவறுகளையும் பிடிக்க Summary தாளின் ஒரு மூலையில் இவ்விரு சூத்திரங்களை வைக்கலாம்:

```
=SUM(Data!C2:C)-SUM(B2:M13)
=COUNTA(Data!C2:C)-COUNT(Data!C2:C)
```

இரண்டும் 0 காட்ட வேண்டும். முதலாவது 0 இல்லையெனில் வகையோ தேதியோ விடுபட்ட, அல்லது இந்த நிதியாண்டுக்கு வெளியே தேதி விழுந்த வரிசை எங்கோ இருக்கிறது. இரண்டாவது, எண்ணாக ஏற்கப்படாத தொகைகள் எத்தனை என்பதைச் சொல்லும்.

ஜிஎஸ்டி இணக்கத் திட்டத்தில், அதாவது காம்போசிஷன் முறையில் உள்ள வணிகர்கள் ஒரு வகையைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இம்முறையில் செலுத்தும் வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது என்பதால், அது கடையின் செலவாகவே அமைகிறது. காலாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுவதால் வரைபடத்தில் அந்த மாதத் தூண் மட்டும் உயர்ந்து நிற்கும். வகையைச் சேர்க்கும்போது 9-ஆவது வரிசைக்கு மேலே ஒரு வரிசையைச் செருகி, அதற்கு மேலுள்ள சூத்திரத்தை இழுத்துவிட்டால், மொத்தமும் தேர்வுப் பட்டியலும் தாமாகவே விரிந்துகொள்ளும்.

அடுத்த நிதியாண்டு பிறக்கும்போது File > Make a copy மூலம் நகல் எடுத்து, அதன் Data தாளில் தலைப்புக்குக் கீழுள்ள பதிவுகளை அழித்து, B1 தேதியை 01/04/2027 என மாற்றினால் புதிய ஆண்டுக்கான கணக்குத் தயாராகிவிடும். பழைய கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் இரு ஆண்டுகளின் ஒரே மாதத்தை அருகருகே வைத்து ஒப்பிடலாம்.