மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

கிணற்றடி மோட்டார் வழக்கம்போலச் சத்தம் போட்டு ஓடும். மேலே தொட்டியில் விழும் தண்ணீரோ விரல் பருமன்தான் இருக்கும். அதுவும் விட்டு விட்டு, காற்றைத் துப்பிக்கொண்டு விழும். உடனே மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் பலர். காயில் எரிந்திருந்தால் மோட்டார் ஓடியிருக்காது. தண்ணீர் குறைவதற்கான காரணம் பெரும்பாலும் மோட்டாருக்குக் கீழே, கிணற்றுக்குள் இறங்கும் சக்ஷன் பைப்பில் இருக்கும்.

பம்பு தண்ணீரை மேலே இழுப்பதில்லை. உள்ளே சுழலும் இம்பெல்லர் தன்னிடம் உள்ள தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அதனால் சக்ஷன் பைப்பில் அழுத்தம் குறைகிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் தண்ணீரைப் பைப்புக்குள் ஏற்றிவிடுகிறது. காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசானது. பம்புக்குள் காற்று மட்டும் இருந்தால், இம்பெல்லர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அழுத்தம் போதிய அளவு குறையாது. ஓட்டுவதற்கு முன் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பைப்பை நிரப்புவது இதற்காகத்தான். ஊற்றிய தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு தாங்கிக்கொள்கிறது.

சக்ஷன் பைப்பில் ஒழுகல் இருந்தாலும், மோட்டார் ஓடும்போது ஒரு சொட்டுகூட வெளியே வராது. உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் ஓட்டை காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஓடும்போது பைப்பைத் தடவிப் பார்த்து, ‘காய்ந்துதான் இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு. மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, ஊற்றும் வாயைத் திறந்து பைப்பை நிரப்பிப் பாருங்கள். இப்போது ஓட்டைக்கு மேல் நிற்கும் தண்ணீர் அழுத்துவதால் அதே இடம் வெளியே கசியும்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். மோட்டாருக்கு 18 அடி கீழே ஃபுட் வால்வு, ஒரு அங்குல பைப். அந்தப் பைப் முழுக்க நிரம்ப ஏறக்குறைய மூன்று லிட்டர் வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை மெதுவாக ஊற்றி, மோட்டார் தண்டைக் கையால் சற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி ஊற்றி வாய்வரை நிரப்பினார்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் நிரப்ப அரை லிட்டருக்கும் குறைவாகவே பிடித்தது. பைப்பில் மேற்பகுதி மட்டும்தான் வடிந்திருக்கிறது; ஆகவே ஃபுட் வால்வு நன்றாகப் பிடிக்கிறது, ஓட்டை மேலே எங்கோ இருக்கிறது. தேடியதில் மோட்டாருக்கு ஒரு சாண் கீழே இருந்த யூனியனின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒருபக்கம் நசுங்கி வெடித்திருந்தது. வளையத்தை மாற்றியதும் தொட்டியில் பழையபடி முழு வீச்சில் விழுந்தது.

மயிரிழை விரிசலில் காற்று நுழையும், தண்ணீர் கசியாமல் போகலாம். அப்போது மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுக்கப்படும் இடம்தான் ஓட்டை. எல்போ, யூனியன், ஊற்றும் வாயின் மூடி, மோட்டார் தண்டைச் சுற்றிய சீல் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

அதே வீட்டில் மூன்று லிட்டரும் திரும்பப் பிடித்து, பைப்பின் வெளிப்புறம் எங்கும் ஈரமில்லாமல் இருந்திருந்தால் தண்ணீர் அடிவழியே கிணற்றுக்குத்தான் போயிருக்கிறது. பைப்பைத் தூக்கி ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மூடியின் ரப்பரோ தோலோ இறுகிப்போயிருக்கலாம், அது உட்காரும் விளிம்பில் மணலோ இலைத்துண்டோ சிக்கியிருக்கலாம். கழுவிப் பொருத்தி, தலைகீழாகப் பிடிக்காமல் நேராக நிறுத்தித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடிந்தால் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது, ஏனென்றால் மறுபடி பைப்பைத் தூக்குவது பெரிய வேலை. வால்வு நன்றாகப் பிடித்து, காற்றும் வராமல், தண்ணீர் மட்டும் குறைந்து பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டால், ஃபுட் வால்வின் சல்லடை சேற்றால் அடைபட்டிருக்கக்கூடும். அதைத் தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் தொங்கவிட்டால் சேறு ஏறாது. தண்ணீர் மட்டத்துக்கும் அதே அளவு கீழே இருக்க வேண்டும். இல்லையேல் சுழல் உண்டாகிக் காற்று புகும்.

எதுவானாலும், தண்ணீர் வராமல் ஓடும் மோட்டாரைச் சில நிமிடங்களுக்கு மேல் விடாதீர்கள். உள்ளிருக்கும் சீல் தண்ணீரில்தான் குளிர்கிறது. காய்ந்தால் தேய்ந்து, அடுத்த காற்றோட்டை அங்கேயே தொடங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கோடையில் தண்ணீர் வராத வீடுகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரைக் கணக்குப்படி 10 மீட்டர் உயரம்தான் ஏற்றும். நடைமுறையில் 6, 7 மீட்டரைத் தாண்டினாலே பம்பு திணறும். கயிற்றில் கல் கட்டி இறக்கிக் கிணற்று மட்டத்தை அளந்து பாருங்கள். 23 அடிக்கும் கீழே போயிருந்தால் மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு அமைத்து இறக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் போட வேண்டும்.