‘அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப்!’ - நீளமான மெசேஜை நாலு வரியில் சுருக்குவது எப்படி?

லேப்டாப்பில் ஏதோ கோளாறு. விஷயம் தெரிந்த ஒரு அண்ணாவுக்கோ, ஆபீஸ் சிஸ்டம் அட்மினுக்கோ, காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புக்கோ விவரமாக ஒரு மெசேஜ் தட்டுகிறீர்கள். ரெண்டு ப்ளூ டிக் விழுகிறது. பதில் மட்டும் வரவே இல்லை. உதவி செய்ய மனசு இல்லாமல் இல்லை மக்களே, அந்த மெசேஜில் எதற்குப் பதில் சொல்வது என்றே அவருக்குப் புரிந்திருக்காது!

ஒரு மாதிரி மெசேஜை எடுத்துக்கொண்டு, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு காலேஜ் மாணவி எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, நல்லா இருக்கீங்களா? பேசி ரொம்ப நாளாச்சு. ஒரு சின்ன ஹெல்ப். போன வருஷம் லேப்டாப் வாங்கினேன்ல, நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. இப்போ லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கேன். வந்ததுலேர்ந்து நெட் சுத்தமா வரல. வைஃபை கனெக்ட் ஆகுது, ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா எந்த வெப்சைட்டும் ஓப்பன் ஆகல. ஏதோ எரர் வருது. அம்மா போன்ல யூடியூப் நல்லா ஓடுது. ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், எல்லாமே பண்ணிப் பார்த்துட்டேன். கேபிள்காரர்கிட்ட கேட்டா லைன் ஓகேங்கிறார். என் போன் ஹாட்ஸ்பாட் போட்டாலும் அதே கதைதான். ஹாஸ்டல்ல சேர்ந்தப்போ லேப்ல இருக்கிற சார் வைஃபைக்கு ஏதோ செட்டிங் மாத்திக் கொடுத்தார், அங்க சூப்பரா வரும். வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேற அனுப்பணும். எங்க ரவுட்டர் ரொம்பப் பழசு, அதான் பிரச்னைனு நினைக்கிறேன். 2,000 ரூபாய்க்குள்ள நல்ல ரவுட்டர் எது அண்ணா?”

முதலில் கடைசி வரியைப் பாருங்கள்

சுருக்கி எழுத உட்காரும்போது எல்லோரும் முதல் வரியிலிருந்து வெட்ட ஆரம்பிப்போம். அப்படிச் செய்யாமல், கடைசியில் இருக்கும் கேள்வியை முதலில் கையில் எடுங்கள். இங்கே கேள்வி ‘எந்த ரவுட்டர் வாங்கலாம்?’ என்பது. ஆனால், அவருடைய பிரச்னை ரவுட்டர் இல்லை; லேப்டாப்பில் நெட் வராததுதான் பிரச்னை. ரவுட்டர் மாற்றினால் சரியாகும் என்பது அவராகவே ஊகித்த தீர்வு.

டெக் உலகில் இதற்கு ‘எக்ஸ்ஒய் ப்ராப்ளம்’ என்றே ஒரு பெயர் உண்டு. எக்ஸ் என்ற பிரச்னைக்கு ஒய்தான் தீர்வு என்று நாமே முடிவு பண்ணிக்கொண்டு, எக்ஸை விட்டுவிட்டு ஒய் பற்றிக் கேட்பது. அந்த அண்ணா நல்லவராக இருந்து கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால், 2,000 ரூபாய் செலவாகியிருக்கும். நெட் மட்டும் வந்திருக்காது. எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், பதில் அந்த மெசேஜுக்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

இப்போது மெசேஜை வரி வரியாகப் படித்து, மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இது நடந்த பிரச்னையைச் சொல்கிறதா? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறதா? எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறதா? மூன்றிலும் சேராத வரியை எடுத்துவிடலாம். நலம் விசாரிப்பு, லேப்டாப் வாங்கிய கதை, கேபிள்காரர் பேச்சு எல்லாம் இப்படிப் போய்விடும். அம்மா போனில் நெட் வருகிறது என்பதே லைன் சரியாக இருப்பதற்குச் சாட்சிதான்.

போகக்கூடாத வரிகள் இரண்டு இருக்கின்றன. நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிற வரிகள் அவை.

ஒன்று, ‘ஹாட்ஸ்பாட் போட்டாலும் அதே கதைதான்’. போன் ஹாட்ஸ்பாட்டில் கனெக்ட் பண்ணும்போது வீட்டு ரவுட்டருக்கு அங்கே வேலையே இல்லை. அப்போதும் நெட் வரவில்லை என்றால், கோளாறு லேப்டாப்புக்குள்தான். ரவுட்டர் அந்த நிமிஷமே நிரபராதி ஆகிவிட்டது!

இரண்டு, ‘லேப்ல இருக்கிற சார் ஏதோ செட்டிங் மாத்திக் கொடுத்தார்’. ஹாஸ்டலில் வேலை செய்கிற லேப்டாப் வீட்டில் வேலை செய்யவில்லை. நடுவில் ஒருவர் நெட்வொர்க் செட்டிங்கை மாற்றியிருக்கிறார். எதையும் சரிபார்க்கிறவர் முதலில் கேட்பது ‘கடைசியா என்ன மாத்தினீங்க?’ என்பதுதான். அதற்கான பதில் இங்கே நட்டநடுவில் புதைந்து கிடக்கிறது.

இல்லாததைத் தேடிச் சேருங்கள்

வெட்டி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். இவ்வளவு நீளமான மெசேஜில் இருக்க வேண்டிய சில தகவல்கள் இல்லவே இல்லை. ‘ஏதோ எரர் வருது’ என்கிறார். என்ன எரர்? ‘எல்லாமே பண்ணிப் பார்த்துட்டேன்’ என்கிறார். என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் என்ன ரிசல்ட்? இதற்காகத் திரும்பவும் லேப்டாப்பைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எரரை எழுத்து பிசகாமல் அப்படியே காப்பி பண்ணுங்கள். இவருடைய குரோமில் வந்தது `DNS_PROBE_FINISHED_BAD_CONFIG`. நமக்கு அது ஏதோ கிறுக்கல். தெரிந்தவருக்கு அது பாதி பதில். நாம் வெப்சைட்டின் பெயரை டைப் செய்கிறோம். அந்தப் பெயருக்கு உரிய ஐபி நம்பரைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ் சர்வர், கிட்டத்தட்ட போன் கான்டாக்ட் லிஸ்ட் மாதிரி. லேப்டாப்பில் செட் செய்திருக்கும் அந்த சர்வரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்பதைத்தான் குரோம் சொல்கிறது.

இதை உறுதிப்படுத்த விண்டோஸில் `Command Prompt` திறந்து இரண்டு வரிகளை டைப் செய்து பார்க்கலாம்.

```
ping 8.8.8.8
ping google.com
```

முதல் வரி நம்பருக்கு நேராகப் போகிறது, டிஎன்எஸ் தேவையில்லை. இரண்டாவது வரிக்குப் பெயரை நம்பராக மாற்ற வேண்டும். முதலாவதுக்கு `Reply from 8.8.8.8` என்று பதில் வந்து, இரண்டாவதுக்கு `could not find host` என்று வந்தால், நெட் இருக்கிறது, டிஎன்எஸ் மட்டும் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம். ‘செய்து பார்த்தேன்’ என்று எழுத வேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான். ஒரு செயல், பக்கத்திலேயே அதன் ரிசல்ட்.

இப்போது திரும்ப எழுதலாம்

“அண்ணா, லேப்டாப்ல (விண்டோஸ் 11) வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா எந்த சைட்டும் ஓப்பன் ஆகல.

பிரச்னை: ஹாஸ்டல்ல நல்லா வந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இப்படி. குரோம்ல `DNS_PROBE_FINISHED_BAD_CONFIG`னு வருது. ஹாஸ்டல்ல லேப் சார் வைஃபைக்காக ஏதோ நெட்வொர்க் செட்டிங் மாத்தினார், என்னன்னு தெரியல.

செஞ்சு பார்த்தது: வீட்டு வைஃபைல அம்மா போன் ஓகே. ரவுட்டர், லேப்டாப் ரீஸ்டார்ட் பண்ணினேன், மாற்றமில்லை. போன் ஹாட்ஸ்பாட்லயும் இதே எரர். `ping 8.8.8.8` பதில் வருது, `ping google.com` வரல.

கேள்வி: அவர் மாத்தின செட்டிங்கை எங்க பார்த்து, எப்படிப் பழையபடி ஆக்கறது? வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும்.”

இதைப் படிக்கிறவர் எதிர்க்கேள்வி எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவர் சொல்லப்போகும் பதில் இப்படித்தான் இருக்கும்: “`Settings` போ, `Network & internet`, அப்புறம் `Wi-Fi`, அதுல `Hardware properties`. `DNS server assignment`ல `Manual`னு இருக்கா பாரு. இருந்தா அந்த நம்பரைக் குறிச்சு வெச்சுட்டு, `Edit` அழுத்தி `Automatic (DHCP)` ஆக்கு.”

அங்கே போய்ப் பார்த்தால் `10.10.1.5` மாதிரி ஒரு நம்பர் இருக்கும். 10-ல் தொடங்கும் இந்த ஐபி நம்பர்கள் ஒரு கேம்பஸ், ஒரு ஆபீஸ் என உள்நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கப்பட்டவை. ஹாஸ்டல் வளாகத்துக்குள் அந்த சர்வர் பதில் சொல்லும். வீட்டிலிருந்து அதை எட்டவே முடியாது. ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் சரியாகாததற்குக் காரணம் இதுதான். செட்டிங் உட்கார்ந்திருப்பது லேப்டாப்பில். ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அங்கே நெட் வரவில்லை என்றால், குறித்துவைத்த நம்பரைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ரொம்பவும் வெட்டினாலும் ஆபத்துதான்

சுருக்கணும் என்பதற்காக ‘லேப்டாப்ல நெட் வரல, ஹெல்ப் ப்ளீஸ்’ என்று அனுப்பினால், ‘என்ன லேப்டாப்?’, ‘என்ன எரர்?’, ‘போன்ல வருதா?’ என்று வரிசையாகக் கேள்விகள் வரும். நீங்கள் விட்ட வரிகளை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அனுப்பும் முன் ஒரு சின்ன செக்: நம் வீட்டையும் லேப்டாப்பையும் பார்த்தே இருக்காத ஒருவர் இதைப் படித்தால், திரும்ப என்ன கேட்பார்? அதற்கான பதிலை மட்டும் சேருங்கள்.

சில கோளாறுகள் இப்படி நாலு வரியில் அடங்காது. நெட் வந்து வந்து போகிறது என்றால் எந்த ஒரு டெஸ்ட்டும் முழுசாகக் காட்டிக்கொடுக்காது. அதற்கு ரெண்டு நாள் பொறுத்து, எப்போது கட் ஆனது, அப்போது மற்ற போன்களில் நெட் இருந்ததா என்று நேரத்தோடு குறித்துவைத்து, ‘செஞ்சு பார்த்தது’ என்ற இடத்தில் அதைப் போட வேண்டும்.

ஊகத்தை எழுதவே கூடாதா என்றால், தாராளமாக எழுதலாம். ஆனால், அது கேள்வியின் இடத்தில் உட்காரக்கூடாது. ‘ரவுட்டர் பழசு, அதுவும் காரணமா இருக்குமோனு ஒரு சந்தேகம்’ என்று தனியாக ஒரு வரி போதும். ஸ்க்ரீன்ஷாட் இணைப்பதாக இருந்தால், எரரை டைப் செய்தும் போட்டுவிடுங்கள். அவர் அதை அப்படியே காப்பி செய்து தேட முடியும். வைஃபை பாஸ்வேர்டு, ஓடிபி, மெயில் ஐடி எதுவும் ஸ்க்ரீன்ஷாட்டில் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, க்ராப் பண்ணிவிட்டு அனுப்புங்கள்.

நெட் வந்துவிட்டதா? குரூப்பில் கேட்டிருந்தால் அதே மெசேஜுக்குக் கீழே, ‘டிஎன்எஸ் மேனுவல்ல இருந்துச்சு, ஆட்டோமேட்டிக் ஆக்கினதும் சரியாகிடுச்சு, தேங்க்ஸ்ணா’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்த லீவுக்கு அதே ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போகும் இன்னொருவருக்கும் இதே கோளாறு வரும். அவர் குரூப்பில் எரரைத் தேடினால், கேள்வியும் பதிலும் சேர்ந்தே கிடைக்கும்.