அட்டைப்பெட்டிப் பால்: திறக்கும் வரை மாதக்கணக்கு, திறந்தபின் நாள்கணக்கு

மளிகைக் கடையில் பாக்கெட் பால் குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. அட்டைப்பெட்டிப் பாலோ பிஸ்கட்டுக்கும் சேமியாவுக்கும் பக்கத்தில், வெறும் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதியைப் பார்த்தால் இன்னும் நான்கைந்து மாதம் பாக்கி இருக்கும். சித்திரை வெயிலில் காலையில் வாங்கிய பால் மதியத்துக்குள் திரிந்துபோவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, "இதில் ஏதோ மருந்து போட்டிருக்கிறார்கள்" என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

மருந்து எதுவும் இல்லை. கெடாமல் இருப்பதற்கான ரசாயனம் எதையும் இந்தப் பாலில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. சில நொடிச் சூடும், காற்றுப் புகாத ஓர் உறையும்தான் இந்தப் பாலைக் காப்பாற்றுகின்றன. இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால், பெட்டியைத் திறந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

காய்ச்சினாலும் சாகாத கிருமிகள்

பாலைக் கெடுப்பவை பாக்டீரியாக்கள். பாக்கெட் பாலை, பால் பண்ணையில் ஏறத்தாழ 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 நொடி வைத்துப் பிறகு குளிரவைக்கிறார்கள். இதுதான் பாஸ்டுரைசேஷன். நோய் உண்டாக்கும் கிருமிகள் இந்தச் சூட்டில் அழிந்துவிடும். ஆனால் வெப்பம் தாங்கும் சில பாக்டீரியாக்கள் மிஞ்சும். அதனால்தான் பாக்கெட் பாலைக் குளிரிலேயே வைத்திருந்து, இரண்டொரு நாளில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சினாலும் நிலைமை முழுதாக மாறுவதில்லை. சில வகை பாக்டீரியாக்கள், சூழல் ஒத்துவராதபோது தம்மைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உறங்கிப்போகும். இந்த நிலைக்கு ஸ்போர் என்று பெயர். ஸ்போர்கள் 100 டிகிரியையும் தாங்கும். பால் ஆறியதும் விழித்துப் பெருகத் தொடங்கிவிடும். காலையில் காய்ச்சிய பாலை இரவில் மறுபடியும் காய்ச்ச வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதக்கணக்கில் பால் நிற்க வேண்டுமானால் ஸ்போர்களையும் ஒழித்தாக வேண்டும். 121 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால், உணவில் வரக்கூடிய ஸ்போர்களிலேயே மிக ஆபத்தான வகையை ஒழித்துவிடலாம். ஆனால் அத்தனை நேரம் அந்தச் சூட்டில் நின்றால் பாலின் சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பால் பழுப்பேறும், கருகல் வாடை வரும்.

சூட்டைக் கூட்டி, நேரத்தைக் குறைத்து

சூடு 10 டிகிரி கூடினால் ஸ்போர்கள் சாகும் வேகம் சுமார் 10 மடங்காகிறது. ஆனால் பால் பழுப்பேறும் வேகம் இரண்டு, மூன்று மடங்குதான் கூடுகிறது. இந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 121 டிகிரியில் மூன்று நிமிடம், அதாவது 180 நொடி தேவைப்படும் வேலையை, 20 டிகிரி கூட்டி 141-க்குக் கொண்டுபோனால் நூறில் ஒரு பங்கு நேரத்தில், இரண்டு நொடிக்கும் குறைவாக முடித்துவிடலாம். பழுப்பேறும் வேகம் அதே 20 டிகிரிக்கு அதிகபட்சம் ஒன்பது மடங்குதான் கூடியிருக்கும். ஆனால் நேரம் நூறில் ஒரு பங்காகிவிட்டதே! ஆக, கிருமி அதே அளவு சாகிறது. பாலுக்கு நேரும் சேதமோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஆலைகள் செய்வது இதைத்தான். பாலை 135 முதல் 150 டிகிரி வரை சூடேற்றி, சில நொடிகள் மட்டும் அந்தச் சூட்டில் ஓடவிட்டு உடனே குளிர்விக்கின்றன. பெட்டியில் யூஎச்டி என்று போட்டிருப்பது இந்த முறையைக் குறிப்பதுதான். கொழுப்புத் துளிகளையும் நுண்ணியதாக உடைத்துவிடுவதால் மாதங்கள் ஆனாலும் ஏடு அதிகம் மேலே ஒதுங்குவதில்லை. புதிதாகத் தயாரான பாலில் காய்ச்சிய பால் வாடை லேசாக இருக்கும்; அது நாளடைவில் குறைந்துவிடும்.

அட்டைக்குள் இருக்கும் அலுமினியம்

கிருமியில்லாத பாலைச் சாதாரண டப்பாவில் ஊற்றினால், டப்பாவின் சுவரிலிருந்தே கிருமி ஏறிவிடும். அதனால் பாலைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் சுத்தப்படுத்தி, கிருமியற்ற அறைக்குள் இரண்டையும் சேர்க்கிறார்கள். ஸ்வீடனில் ரூபன் ரவுசிங் 1951-ல் தொடங்கிய டெட்ரா பேக் நிறுவனம் 1961-ல் சுவிட்சர்லாந்தில் இந்த முறையில் பாலை அடைத்துக் காட்டியது. நம் ஊரில் இந்தப் பாலுக்கே 'டெட்ரா பேக் பால்' என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான்.

அட்டை பெரிய சுருளாக இயந்திரத்துக்குள் போகிறது. சூடான ஹைட்ரஜன் பெராக்சைடு அதன்மேல் பட்டுக் கிருமிகளை அழிக்கிறது. பிறகு சூடான தூய காற்று அதை உலர்த்திவிடுகிறது. அட்டை குழாயாக வளைந்து கீழே இறங்க, அதற்குள் பால் இறங்குகிறது. செங்கல் வடிவப் பெட்டிகளைப் பால் மட்டத்துக்குக் கீழேயே அழுத்தி ஒட்டி வெட்டுகிறார்கள். அதனால் உள்ளே காற்றுக்கு இடமே கிடைப்பதில்லை.

வெறும் அட்டையாகத் தெரியும் அந்தச் சுவருக்கு ஆறு அடுக்குகள் உண்டு. பெரும்பகுதி காகித அட்டை. அது விறைப்பைத் தருகிறது. பாலைத் தொடும் அடுக்கும் வெளி அடுக்கும் பாலித்தீன். ஈரம் ஊடுருவாமல் தடுப்பது அதன் வேலை. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியத் தாள் இருக்கிறது. ஒளியையும் ஆக்சிஜனையும் நிறுத்துவது அதுதான். ஒளி பட்டால் பாலின் சுவை மாறும், சில வைட்டமின்கள் குறையும். ஆக்சிஜன் புகுந்தால் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும்.

பின் எதற்குக் கடைசித் தேதி?

கிருமியே இல்லாத பால் ஏன் என்றைக்கும் நிற்பதில்லை? கறந்த பாலைச் சரியாகக் குளிர்விக்காமலோ, குளிரில் நெடுநாள் தேக்கியோ வைத்தால், சில பாக்டீரியாக்கள் புரதத்தை அரிக்கும் என்சைம்களை அதில் விட்டுவிடுகின்றன. ஆலையின் சூட்டில் பாக்டீரியா செத்துவிடும். ஆனால் அது விட்டுப்போன என்சைமில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் அது மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்தால் பால் கசக்கும், அடியில் படிவு சேரும், சில சமயம் கூழாக இறுகும். வெப்பம் இதை வேகப்படுத்தும். அதனால், குளிர்பெட்டி வேண்டாம் என்பதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியும் வெயில் விழும் ஜன்னலோரமும் இந்தப் பாலுக்கு ஆகாது.

வாங்கும்போது பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் உள்ளே ஏதோ வளர்ந்து வாயு விட்டிருக்கிறது என்று அர்த்தம். சுவைத்துப் பார்க்கவே கூடாது. மூலையில் கசிவோ, ஆழமான மடிப்போ, எறும்பு மொய்த்த தடமோ இருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலே பெட்டியின் பாதுகாப்பு போய்விடும்.

கத்தரிக்கோல் பட்ட நொடியில்

பெட்டியைத் திறந்ததும் நீண்டநாள் வாழ்வு முடிந்துவிடுகிறது. காற்று, கத்தரிக்கோல், விரல் எல்லாம் சேர்ந்து சில பாக்டீரியாக்களை உள்ளே விடும். தங்களோடு போட்டி போட யாருமே இல்லாத சத்தான பாலில் அவை தடையின்றிப் பெருகும்.

ஒரு லிட்டர் பெட்டியைத் திறக்கும்போது 100 பாக்டீரியாக்கள் உள்ளே போனதாக வைத்துக்கொள்வோம். 32 டிகிரி இருக்கும் சமையலறையில் அவை அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால், 12 மணி நேரத்தில் 24 முறை இரட்டித்திருக்கும். ஒரு மில்லிலிட்டரில் மட்டும் 16 லட்சத்துக்கு மேல் இருக்கும். காலை ஆறு மணிக்குத் திறந்து மேடையிலேயே விட்ட பாலின் மாலை ஆறு மணி நிலைமை இது.

அதே பெட்டி 4 டிகிரி குளிரில் இருந்தால் கதை வேறு. குளிரில் வளரும் வகைகள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தால், மூன்று நாள் கழித்து ஒரு மில்லிலிட்டரில் சுமார் 50தான். ஆனால் ஏழாம் நாளில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். அடிக்கடி திறந்து மூடும் ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் 8, 10 டிகிரி வரை ஏறிவிடும். அங்கே நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தால் மூன்றே நாளில் 26,000 ஆகிவிடும். உண்மையான சமையலறையில் எண்கள் கூடும், குறையும். ஆனால் அவை போகும் திசை இதுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பால் கெட்டால் புளிக்கும், காய்ச்சினால் திரியும் என்றுதான் நாம் கண்டறிகிறோம். பாலைப் புளிக்கவைப்பவை லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள். அட்டைப்பெட்டிப் பாலில் அவை முன்பே அழிந்துவிட்டன. திறந்தபின் நுழைபவை வேறு வகையாக இருந்தால், பால் புளிக்காமலே கெட்டுவிடும். கசப்பும் அழுகல் வாடையும் பிறகுதான் தெரியவரும். ஆகவே திரியவில்லை என்பதை வைத்தே பால் நல்லது என்று முடிவு செய்ய முடியாது. மறுபடியும் காய்ச்சினால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. சில பாக்டீரியாக்கள் விடும் நஞ்சு கொதிநிலையையும் தாங்கும்.

அப்படியானால் எத்தனை நாள்? பெட்டியில் அச்சிட்டிருக்கும் நாள்கணக்கே முதல் விதி. அது தெளிவாக இல்லையென்றால் நம் ஊர்ச் சூட்டுக்கும் மின்வெட்டுக்கும் இரண்டு, அதிகம் போனால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. திறந்த தேதியைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். தேவையானதை ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை மூடி உடனே உள் தட்டில் வையுங்கள். டம்ளரில் மிஞ்சியதைத் திரும்பப் பெட்டியில் ஊற்றாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைக் கொட்டிவிடுங்கள். திறக்காத பெட்டியின் பாலைக் காய்ச்சாமலே குடிக்கலாம். சூடு நாவுக்காக மட்டும்தான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் பயணத்திலும் லிட்டர் பெட்டியை விட்டுவிட்டு, ஒரே வேளையில் தீரும் 200 மில்லி பெட்டியை வாங்குங்கள். பெட்டியில் உள்ள கடைசித் தேதி திறக்காத பாலுக்கு மட்டுமே பொருந்தும். திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான்.